புதுப்பிப்பு: விண்ணப்பக் கடிதத்தை மாத்தி அனுப்பிட்டன்

போன கிழமை நான் கேட்டது: "விவசாயப் பட்டம் முடிச்சிட்டன். மருந்து, விதை விக்கிற கம்பனிக்குக் கடிதத்தில தோட்ட அனுபவத்தை எப்பிடி எழுதுறது?"

பாடங்களையும் புள்ளிகளையும் முன்னுக்குப் போடச் சொன்ன தம்பி, அதைச் சுயவிபரத்தில போட்டிட்டன். கடிதத்துக்கு இளைப்பாறின போதனாசிரியர் ஐயா சொன்னதுதான் உதவினது: "கடைக்கு வாற கமக்காரன் என்ன கேக்கிறான் எண்டு தொடங்கு."

அதால உரும்பிராயில பாத்ததை எழுதினன். ஒரு அண்ணை முறுகின வெங்காயத் தாளோட கடைக்குப் போய் பூச்சிமருந்து வாங்கி, ரெண்டுதரம் அடிச்சும் நிக்கேல்லை. பனிப்பூச்சி எண்டால் தாளில வெள்ளிக் கீறல் இருக்கும். அவரின்ர தாளில வெளிறின, உள்வாங்கின புள்ளியள், கழுத்தும் நீண்டிருந்தது. அது பங்கசு. பூச்சிமருந்து அதுக்குக் கேக்காது. முறுகின பிறகு பங்கசுநாசினி அடிச்சாலும் அந்தப் பயிர் நிமிராது, பரவுறதைத்தான் குறைக்கலாம். நோயில்லாத விதை வெங்காயம் எடுத்து, நடமுதல் மருந்தில நனைக்கிறதுதான் காவல்.

அடுத்த வரி இப்பிடி: "தாளைப் பாத்து மருந்து சொல்லவும், தேவையில்லாத மருந்தை வேண்டாம் எண்டு சொல்லவும் என்னால் முடியும்." விக்கிற கம்பனிக்கு இப்பிடி எழுதலாமோ எண்டு யோசிச்சன். ஐயா அப்பிடியே இருக்கட்டும் எண்டார், மாத்தாமல் விட்டிட்டன்.

மிளகாய் இலை சுருளுதெண்டு கேட்ட அக்கா, அது வேற கதை. இலையின்ர அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கோ.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கினம். முடிவு இன்னும் தெரியாது.