ரைடர் வருமானச் செய்தி: எந்த மணிக்கணக்கால் வகுப்பது?

தரவுமேசை

டெலிவரி ரைடர்களின் வருமானத்தைப் பற்றிச் செய்தி போட்டால், மொத்தம் எவ்வளவு வந்தது என்பதில் கம்பெனி அதிகம் தகராறு செய்யாது. அதை எத்தனை மணி நேரத்தால் வகுத்தீர்கள் என்பதில்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒரு மாதிரி வாரத்தைப் போட்டுக் காட்டுகிறேன். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கூலி 4,400. இன்சென்டிவ் 1,300. டிப்ஸ் 300. மொத்தம் 6,000. ரைடர் ஆப்பில் லாகின் ஆகியிருந்தது 60 மணி நேரம். அதில் ஆர்டரை ஏற்ற நொடியிலிருந்து கொடுத்து முடித்தது வரை கூட்டினால் 40 மணி நேரம். எரிபொருளும் வண்டி தேய்மானமும் சேர்ந்து 1,500 செலவு.

6,000-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு 150. அதே தொகையை 60-ஆல் வகுத்தால் 100. டிப்ஸ் வாடிக்கையாளர் தருவது, கம்பெனி கூலி அல்ல என்று கழித்தால் 95. செலவையும் கழித்தால் 70. நான்குமே சரியான கணக்கு. கம்பெனி 150 என்று சொல்லும், ரைடர் சங்கம் 70 என்று சொல்லும், வாசகர் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைப்பார். எனவே எந்த எண்ணைத் தலைப்பில் போடப்போகிறோம், ஏன் என்பதைப் பதிவுகளைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். எண்களைப் பார்த்தபிறகு முடிவெடுத்தால், கதைக்குத் தோதான எண் பக்கம் கை தானாகப் போகும்.

புதுநிருபர்

இதில் குழப்பமே இல்லையே? லாகின் நேரம்தான் வேலை நேரம். 2021-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் அதைத்தான் சொன்னது. ஆப்பில் லாகின் நேரம் நொடிக் கணக்கில் இருக்கிறது. அதை எடுத்து வகுத்தால் முடிந்தது.

பழைய மேசை

பாதி சரி தம்பி. அந்தத் தீர்ப்பு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களைப் பற்றியது. லாகின் செய்து, அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள், சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரம் வேலை நேரம் என்றது. அதே நீதிமன்றம் 2023-இல் டெலிவரூ ரைடர்கள் வழக்கில், தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பும் உரிமை அவர்களுக்கு இருப்பதைக் காட்டி, கூட்டுப் பேரத்துக்கான தொழிலாளர் உறவு இல்லை என்றது. ஒரு தீர்ப்பை எடுத்து எல்லா ஆப்புக்கும் ஒட்ட முடியாது. நியூயார்க் நகரம் 2023-இல் உணவு டெலிவரிக்குக் குறைந்தபட்சக் கூலி கொண்டுவந்தபோது, காத்திருக்கும் நேரத்தையும் ஓடும் நேரத்தையும் இரண்டு தனித்தனிக் கணக்காக எடுத்தது. நம் அட்டவணையிலும் இரண்டையும் தனிப் பத்தியாக வைப்பதே நல்லது.

லாகின் நேரம் அப்படியே நம்பத்தக்கதும் இல்லை. மூன்று இடத்தில் அது ஏமாற்றும்.

முதலாவது, இரண்டு ஆப். ஒருவர் ஒன்றில் 11 முதல் 3 மணி வரையும், இன்னொன்றில் 1 முதல் 6 மணி வரையும் இருந்தால், கூட்டினால் ஒன்பது மணி நேரம் வரும். உண்மையில் அவர் தெருவில் இருந்தது ஏழு மணி நேரம். நேர இடைவெளிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேற்படியும் பகுதியை ஒருமுறைதான் எண்ண வேண்டும். வருமானத்தை மட்டும் இரண்டிலிருந்தும் கூட்டிக்கொள்ளலாம். ஒரே ஆப்பின் வருமானத்தை எடுத்து முழு நாளால் வகுத்தால் கம்பெனி ஒரே வரியில் உங்கள் செய்தியை உடைத்துவிடும்.

இரண்டாவது, ஒரே ஐடியில் இரண்டு பேர். தினம் 17, 18 மணி நேரம் லாகின் என்று வந்தால் உடனே 'கொடூரம்' என்று எழுதக்கூடாது. அண்ணன் பகலில், தம்பி இரவில் ஓட்டலாம். ஐடியை வாடகைக்கு விட்டிருக்கலாம். இதை நேரில், மெதுவாக, தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். வெளியே தெரிந்தால் ஐடி போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

மூன்றாவது எதிர்ப்பக்கம். நெட் போய் ஆப் தானாக லாக் அவுட் ஆகிவிட்டால், கடை வாசலில் நின்ற நேரம்கூடக் கணக்கில் வராது.

சக்கரம்

நானே ரைடர்தான். எனக்கு ஒரு பதில் வேண்டும். வாரம் முழுக்க ஓட்டினேன். கடைசி நாள் ஒரு ஆர்டர் தூரம் அதிகம் என்று விட்டுவிட்டேன். மொத்த இன்சென்டிவும் போச்சு. ஹெல்ப்பில் கேட்டால் 'தகுதி பெறவில்லை' என்று ஒரே பதில். இதை எங்கே புகார் செய்வது? உங்களில் யாராவது எழுதித் தருவீர்களா?

தரவுமேசை

அண்ணே, இங்கே பேசுவது செய்தி எடுக்கும் முறை பற்றி. புகாருக்கு உங்கள் ஊர் ரைடர் சங்கமோ தொழிலாளர் துறையோதான் வழி. ஆனால் நீங்கள் சொன்னது எங்களுக்கு முக்கியமான விஷயம். இன்சென்டிவ் நிபந்தனைப் பக்கம், அதாவது இத்தனை ஆர்டர், இத்தனை சதவீதம் ஏற்றிருக்க வேண்டும், இன்ன மணிக்குள் லாகின் என்று இருக்கும் பக்கம், வாரம் முடிந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும். மிஞ்சுவது '0' என்ற எண் மட்டும். அதனால் நிருபர் வாரத் தொடக்கத்திலேயே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் 'பிடித்துக்கொண்டார்கள்' என்று எழுதினால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

சக்கரம்

அடுத்த வாரத்திலிருந்து எடுத்துவைக்கிறேன். போன காசு?

கணக்குப்பிள்ளை

அதற்கு இங்கே யாரிடமும் பதில் இல்லை அண்ணே.

பதிவு பற்றி ஒன்று சேர்க்கிறேன். பேங்க் ஸ்டேட்மென்ட்டை வருமானமாக எடுப்பவர்கள் நிறையப் பேர். வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் பணத்தை ரைடரே வைத்துக்கொள்வார், ஆப் அதைப் பேஅவுட்டில் கழித்துக்கொள்ளும். மேலே சொன்ன 6,000 வாரத்தில் கைக்கு 2,200 வந்திருந்தால் பேங்கில் 3,800தான் விழும். 3,800 என்று எழுதினால் தப்பு. 6,000-மும் 2,200-மும் தனித்தனி என்று கூட்டி 8,200 போட்டாலும் தப்பு. ஆப்பின் வாரக் கணக்கு, கையில் வசூலான தொகை, பேங்கில் விழுந்த தொகை மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. இடித்தால் பெரும்பாலும் காரணம் அபராதமோ, முன்பணமோ, போன வார இன்சென்டிவ் இந்த வாரம் ஏறியதோதான். அதனால் ஒற்றை வாரம் போதாது. தொடர்ந்து நான்கு வாரமாவது வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்பதை நிருபர் சொல்ல வேண்டும். ரைடரிடம் விட்டால் பெருமைக்காக நல்ல வாரத்தைக் காட்டுவார், ஆத்திரத்தில் இருந்தால் மோசமானதைக் காட்டுவார்.

ஸ்கிரீன்ஷாட்டைவிட ஸ்கிரீன் ரெக்கார்டிங் மேல். முகப்பிலிருந்து வருமானப் பக்கம், அங்கிருந்து வாரம், வாரத்திலிருந்து ஒரு நாள், அந்த நாளின் ஓர் ஆர்டர் என்று உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருத்திய படத்தை இப்படிக் காட்ட முடியாது.

நடைபாதை

பேட்டியில் 'தினம் எத்தனை மணி நேரம் வேலை?' என்று கேட்டால் எல்லோரும் 'பன்னிரண்டு' என்பார்கள். அது பொய் இல்லை, உடம்பு சொல்லும் கணக்கு. நான் நேற்றைய நாளை மட்டும் கேட்பேன். வீட்டிலிருந்து எப்போது கிளம்பினீர்கள், முதல் ஆர்டர் எப்போது விழுந்தது, மதியம் எங்கே சாப்பிட்டீர்கள், அப்போது ஆப் ஆனில் இருந்ததா, கடைசி ஆர்டர் கொடுத்த இடத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம். பிறகு அதே நாளை ஆப்பில் திறந்து பக்கத்தில் வைத்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் விழும் ஓட்டையில்தான் செய்தி இருக்கும். கடைசி ஆர்டர் முடிந்து திரும்பும் வெறும் ஓட்டம் பெரும்பாலும் ஆப்பின் கணக்கில் வராது.

புதுநிருபர்

சரி, ஒத்துக்கொள்கிறேன். கம்பெனிக்குப் பதில் கேட்டு அனுப்பும்போது இந்த ஸ்கிரீன்ஷாட்களையும் பெயரை மறைத்து இணைத்துவிடலாம்தானே? அப்போது மறுக்க முடியாது.

பழைய மேசை

கூடவே கூடாது. பெயரை மறைத்தாலும் '5,987, 112 ஆர்டர்' என்ற ஜோடி கைரேகை மாதிரி. கம்பெனியிடம் எல்லா ரைடர் கணக்கும் இருக்கிறது, ஒரே தேடலில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆர்டர் எண், கடைப் பெயர், நிமிடம் வரையான நேரம் எல்லாமே அப்படித்தான். பதில் கேட்கும் கடிதத்தில் பலருடைய எண்களைச் சேர்த்து, துல்லிய எண்ணாக இல்லாமல் தோராயமாக முழுமையாக்கிய தொகையாக, கணக்கிட்ட முறையோடு அனுப்புங்கள். தனி ஆளின் எண் செய்தியில் வர வேண்டுமென்றால், அது தன்னைக் காட்டிக்கொடுக்கலாம் என்று அவருக்கு விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகே. வெளியிடும் படமும் அசல் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்க வேண்டாம், புதிதாக வரைந்த அட்டவணையாகப் போடுங்கள்.

கடிதத்தில் 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்டால் 'ரைடர்களே எங்கள் உயிர்நாடி' என்று ஒரு பத்தி வரும். எண்ணாகப் பதில் வரும்படி கேளுங்கள். மணி வருமானத்தைச் சொல்லும்போது உங்கள் 'மணி' லாகின் நேரமா, ஆர்டர் நேரமா? சராசரியா, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணா? டிப்ஸும் இன்சென்டிவும் உள்ளேயா? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுபவரும் கணக்கில் உண்டா? பதிலில் 'பிஸியான நேரத்தில்' என்ற சொல் வந்தால், மற்ற நேரத்தில் எவ்வளவு என்று உடனே திருப்பிக் கேளுங்கள். மூன்று வேலை நாளாவது கொடுங்கள். முறையில் குறை சொன்னால் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள், சில சமயம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

நடைபாதை

ஒன்றில் மட்டும் உடன்படவில்லை. முறையை முழுக்கச் சொல்லிவிட்டால், செய்தி வருவதற்கு முன்பே அவர்கள் தங்களுக்குச் சாதகமான எண்ணைப் பத்திரிகைக் குறிப்பாக விட்டுவிடுகிறார்கள்.

பழைய மேசை

நடக்கும். ஆனாலும் முறையை ஒளித்தால், அவர்கள் மறுப்பு எதை மறுக்கிறது என்று வாசகருக்குப் புரியாது.

கணக்குப்பிள்ளை

எனக்குத் தீராத சந்தேகம் செலவுப் பத்திதான். எரிபொருளுக்கு ரசீது இருக்கும். வண்டி தேய்மானத்தை எப்படிப் போடுகிறீர்கள்? அதே வண்டியில்தான் பிள்ளையைப் பள்ளிக்கும் கொண்டுவிடுகிறார். ஓடோமீட்டரை வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் படம் எடுத்து, வேலைக் கிலோமீட்டரின் விகிதத்தில் பிரிக்கிறேன். ஆனால் டயர், சர்வீஸ், தவணை மூன்றையும் ஒரே விகிதத்தில் பிரிப்பது சரியா என்று தெரியவில்லை.

தரவுமேசை

தவணையை நான் சேர்ப்பதில்லை. தேய்மானம் போட்ட பிறகு தவணையையும் கழித்தால் ஒரே வண்டியை இரண்டு முறை கழித்தது போலாகும். வட்டியை மட்டும் சேர்க்கலாம் என்பார்கள், அதிலும் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் 70 என்ற எண்ணைத் தலைப்பில் போடாமல், 95-ஐத் தலைப்பில் வைத்து, செலவைக் கீழே தனி வரியாக விடுகிறேன்.

சக்கரம்

எங்களுக்கு 70தான் சார் கையில் நிற்கிறது.