மூன்று பில்லிங் சிஸ்டம், புள்ளி போட்டால் பழையதே வெல்கிறது. வெயிட்டை மாற்றலாமா?

கொட்டாஞ்சேனை_ஐடி
அவசரம், வெள்ளிக்கிழமை பணிப்பாளர் சபைக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் கம்பனியில் ஒரே வேலையைச் செய்யும் மூன்று சிஸ்டம் ஓடுகின்றன: பழையது, ஈஆர்பி, கிளவுட். எதை வைத்திருப்பது, எதை மூடுவது என்று புள்ளி போடச் சொன்னார்கள். செலவு 40%, ஆபத்து 30%, வியாபாரப் பயன் 30%, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. கூட்டினால் பழையது 4.4, ஈஆர்பி 3.0, கிளவுட் 2.9. பழையதைத்தான் மூட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம், கணக்கு மற்றப் பக்கம் காட்டுகிறது. வெயிட்டை எப்படி மாற்றினால் சரிவரும்?

வெள்ளவத்தை57
தம்பி, கிளவுட்டுக்கே போங்கோ. எங்கள் பாமசியில் போன வருடம் மாற்றினோம், பில் தமிழிலும் வருகிறது. விலை விவரம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

தெமட்டகொடை
ஐயா, அவர் புதிதாக வாங்கக் கேட்கவில்லை, இருப்பதில் எதை நிறுத்துவது என்று கேட்கிறார்.

கொட்டாஞ்சேனை, என்ன கம்பனி? பழையது எதில் எழுதியது? கூட்டுத்தொகையை மட்டும் போட்டால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் கொடுத்த புள்ளியைப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை_ஐடி
கடைகளுக்குப் பொருள் விநியோகம். பழையது விஷுவல் பேசிக் 6, பின்னால் எஸ்கியூஎல் சேர்வர் 2008. பேலியகொடை களஞ்சியத்தில் பாவிக்கிறார்கள். ஈஆர்பி தலைமை அலுவலகத்தில், கணக்குப் பகுதியும் அதில்தான். கிளவுட் விற்பனைப் பிரதிநிதிகளின் போனில்.
செலவு, ஆபத்து, பயன் என்ற வரிசையில்: பழையது 5, 4, 4. ஈஆர்பி 3, 2, 4. கிளவுட் 2, 2, 5.

சேர்வர்அறை
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தரம் வந்துவிட்டது, தேடிப் பார்த்திருக்கலாம். கூட்டல் கழித்தல் எல்லாம் ஆரம்பநிலை ஆட்கள் செய்வது. கார்ட்னரின் டைம் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தொழில்நுட்பத் தரம், மறு பக்கம் வியாபாரப் பொருத்தம். நான்கு கட்டம்: பொறுத்துக்கொள், முதலீடு செய், மாற்று, நீக்கு. உங்கள் பழையது மூன்றாவது கட்டத்தில் விழும். முடிந்தது வேலை.

கணக்காய்வுக்காரி
கட்டம் நல்லதுதான் சேர்வர்அறை. ஆனால் ஒரே வேலையைச் செய்யும் மூன்றில் எதை வைப்பது என்று அது சொல்லாது. மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? அதில் செலவுக்கு அச்சும் இல்லை.

கொட்டாஞ்சேனை, வெயிட்டைத் தொடாதீர்கள். நினைத்த விடை வரும்வரை நீங்கள் வெயிட்டை மாற்றினால், சபையில் இருப்பவரும் தனக்குப் பிடித்த சிஸ்டத்துக்காக அதையே செய்வார். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஆபத்தில் 5 என்றால் நல்லதா, மோசமா? பழையதற்குச் செலவு 5, அதாவது மிக மலிவு என்று எதை வைத்துப் போட்டீர்கள்?

கொட்டாஞ்சேனை_ஐடி
5 என்றால் ஆபத்து கூட. பழையதற்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை, ஐடி பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கணக்காய்வுக்காரி
அப்படியானால் ஆபத்து கூடக் கூடப் பழையதற்குப் புள்ளி ஏறுகிறது. 6 இலிருந்து கழித்துத் திருப்புங்கள்: பழையது 2, மற்ற இரண்டும் 4. இப்போது கூட்டினால் 3.8, 3.6, 3.5. பழையதே முன்னால் நிற்கிறது, ஆனால் இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து எதையும் மூட முடியாது.

அடுத்தது செலவு. பழையது பழுதானால் யார் திருத்துகிறார்? அதில் போட்ட பில் ஈஆர்பிக்குள் எப்படிப் போகிறது?

கொட்டாஞ்சேனை_ஐடி
ஓய்வுபெற்ற ஒருவர் ஒப்பந்தத்தில் வருகிறார், மாதம் ஒன்றரை இலட்சம். பில்களைப் பார்த்து ஈஆர்பியில் திரும்ப அடிக்க ஒரு பிள்ளை இருக்கிறார், வருடத்துக்கு 9 இலட்சம் போகும். ஈஆர்பி வருடம் 90 இலட்சம், அதில் களஞ்சியத்துக்கான பாவனையாளர் கட்டணம் 6. கிளவுட் 14,000 டொலர்.

கணக்காய்வுக்காரி
இதைத்தான் தேடினேன். ஒப்பந்தக்காரருக்கு 18, திரும்ப அடிக்க 9, ஆகப் பழையதற்கு வருடம் 27 இலட்சம். அது வேறு தலைப்புகளில் கிடப்பதால் ஐடி பட்ஜெட்டில் தெரியவில்லை. மறுபக்கம், ஈஆர்பியின் 90 இலட்சத்தையும் பில்லிங்கின் தலையில் போட்டிருக்கிறீர்கள். கணக்குப் பகுதி அதில் இருக்கும்வரை நீங்கள் பில்லிங்கை எங்கே கொண்டுபோனாலும் 84 இலட்சம் போகத்தான் போகும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் பில்லிங்கை நிறுத்தினால் அடுத்த வருடம் எந்தக் காசு வெளியே போகாது? பழையதில் 27, ஈஆர்பியில் 6, டொலர் 300 ரூபா என்று வைத்தால் கிளவுட்டில் 42 இலட்சம்.

இப்போது செலவுப் புள்ளி பழையதற்கு 3, ஈஆர்பிக்கு 5, கிளவுட்டுக்கு 2. அதே 40, 30, 30 வெயிட்டில் ஈஆர்பி 4.4, கிளவுட் 3.5, பழையது 3.0.

தெமட்டகொடை
கிளவுட்டின் ஆபத்து 2 என்பதை நான் ஏற்கமாட்டேன். 2022 மார்ச்சில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. அந்த வருடம் எங்கள் சந்தாவைக் கட்ட வங்கியில் டொலரே கிடைக்கவில்லை.

சேர்வர்அறை
சொந்த சேர்வர் என்ன ரூபாவில் விளைகிறதா? டிஸ்க்கும் டொலர், யூபிஎஸ் பற்றரியும் டொலர். மைக்ரோசொஃப்ட் 2019 ஜூலையில் 2008க்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. அதை இன்னும் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து.

தெமட்டகொடை
டிஸ்க்கை ஒரு வருடம் பிந்தி வாங்கலாம். சந்தாவைப் பிந்திக் கட்ட முடியுமா? இரண்டும் ஒன்றில்லை.

சேர்வர்அறை
டிஸ்க் போன பிறகு வந்து பேசுங்கள்.

கணக்காய்வுக்காரி
இருவரும் சொல்வதைத் தனித்தனி ஆபத்தாக எழுதலாம், ஒரே எண்ணுக்குள் கலக்க வேண்டாம். திருத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் ஓய்வுபெற்றவர் என்ற ஆபத்தை மலிவுப் புள்ளி ஈடுகட்டக் கூடாது. அப்படிப்பட்டதைக் கூட்டலுக்கு வெளியே, தாண்ட வேண்டிய வாசலாக வையுங்கள்.

பயன் புள்ளியை அந்தந்தச் சிஸ்டத்தின் ஆட்களே கொடுத்திருப்பார்கள், அதனால்தான் எல்லாம் 4, 5. 'பில்லிங்' என்று மொத்தமாகக் கேட்காமல் வேலையாகப் பிரியுங்கள்: பில் போடுவது, கடைக்குக் கடன் எல்லை, இலவசப் பொருள் கழிவு, போஸ்ட் டேட்டட் செக். இவற்றில் பழையது மட்டும் செய்வது எது?

கொட்டாஞ்சேனை_ஐடி
போஸ்ட் டேட்டட் செக். எந்தச் செக்கை எந்தத் திகதியில் வங்கியில் போடுவது என்ற பட்டியல் அதில் மட்டும்தான்.

கணக்காய்வுக்காரி
அப்படியானால் களஞ்சியத்துக்கு ஈஆர்பியின் பயன் 4 அல்ல, இப்போதைக்கு 2. கூட்டினால் 3.8, இன்னும் முன்னால்தான். ஆனால் செக் பட்டியலை ஈஆர்பியில் கட்டி முடிக்கும்வரை பழையதை மூடக் கூடாது. மூடினால் முதல் வாரமே செக்குகள் திகதி தவறும். அந்த ஒருமுறைச் செலவைப் புள்ளிக்குள் போடாமல் தனி வரியில் காட்டுங்கள்.

மூடுமுன் யார் தொடுகிறார்கள் என்றும் பாருங்கள். பழைய டேட்டாபேஸில் இதை ஓட்டுங்கள்:

```sql
SELECT OBJECT_NAME(object_id) AS t,
       MAX(last_user_seek)   AS seek,
       MAX(last_user_scan)   AS scan,
       MAX(last_user_update) AS upd
FROM sys.dm_db_index_usage_stats
WHERE database_id = DB_ID()
GROUP BY object_id;
```

சேர்வரை மீள ஆரம்பித்தால் இந்தக் கணக்கு அழிந்துவிடும். ஆகவே மாதமுடிவு ஒன்றாவது தாண்டிய பிறகு பார்த்தால்தான் பயன். யார் தொட்டார் என்று இது சொல்லாது, எந்த டேபிள் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

வெள்ளவத்தை57
எங்கள் பாமசியிலும் செக் வரும். கிளவுட்டில் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது தம்பி.

கொட்டாஞ்சேனை_ஐடி
ஓட்டினேன். ஒருவரும் பாவிப்பதில்லை என்று நினைத்த ஒரு டேபிளில் போன மாதக் கடைசி நாள் scan விழுந்திருக்கிறது. விற்பனைப் பிரிவு கமிஷன் கணக்குக்கு எக்செலில் இழுக்கிறார்கள் போலிருக்கிறது, கேட்க வேண்டும். சபைக்கு 27, 6, 42 அட்டவணையும் செக் வரியும் போகிறது. நன்றி அக்கா.

தெமட்டகொடை
டொலர் ஆபத்தை எங்கே எழுதினீர்கள்?