சேருக்குப் பிறந்தநாள் வாழ்த்து: நீங்கள் எப்படி எழுதினீர்கள்?

வெள்ளவத்தை தம்பி:
கோட்டையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை. போன வாரம் எங்கள் மேலாளருக்குப் பிறந்தநாள். முதலில் இப்படி எழுதினேன்: "சேர், நீங்கள் எனக்கு அப்பா மாதிரி. உங்களிடம் வேலை செய்வது என் பாக்கியம். நீடூழி வாழ்க!" அனுப்பப் போன கை நின்றுவிட்டது. நாளைக்கு ஒரு கோப்பில் பிழை விட்டு அவர் முன்னால் நின்றால், 'அப்பா' என்ற சொல் இரண்டு பேருக்கும் சங்கடம்.

கடைசியில் வட்ஸ்அப்பில் போனது இது: "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் சேர். மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது ஸ்டொக் சரிவராமல் நின்ற என்னோடு இரவு ஒன்பது மணி வரை இருந்து காட்டித் தந்தீர்கள். அது இன்றைக்கும் உதவுகிறது. நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன்." காலை எட்டரைக்கு அனுப்பினேன். "நன்றி தம்பி" என்று பதில் வந்தது. அதுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

கொட்டாஞ்சேனை அண்ணா:
தனியாக அனுப்பவே கூடாது தம்பி. பந்தம் பிடிக்கிறான் என்று கதை வரும். குழுவில் எல்லாரோடும் ஒரு வரி போட்டால் போதும்.

தெகிவளை அக்கா:
ஆளணிப் பிரிவில் பல வருடம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். குழுவில் ஒரு வரி போடுவது சரிதான். ஆனால் அந்த ஒன்பது மணிக் கதையைக் குழுவில் எழுதியிருந்தால்தான் பந்தம் பிடிப்பது போலத் தெரிந்திருக்கும். நன்றி தனியாகப் போக வேண்டியது.

தம்பியின் செய்தி பொருந்தியதற்குக் காரணம், அன்பு முழுக்க ஒரே ஒரு வேலைச் சம்பவத்தில் நிற்கிறது. அவருடைய குணத்தையோ குடும்பத்தையோ தொடவில்லை. 'நீடூழி வாழ்க' என்பது பெரியவர்கள் இளையவர்களுக்குச் சொல்வது போலவும் கேட்கும், அதைவிட 'வேண்டுகிறேன்' நல்லது. நான் பார்ப்பது ஒன்றுதான்: அவர் மனைவியோ பக்கத்து மேசைக்காரரோ வாசித்தால் கூச்சம் வருமா? எங்கள் பிரிவில் ஒரு பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்கு இதயப் படங்களோடு அனுப்பியது. மனதில் ஒன்றும் இல்லை. இருந்தும் அந்த மேலாளர் பல நாள் அவளோடு கதைக்கவே தயங்கினார்.

பம்பலப்பிட்டி:
எங்கள் சேர் சிங்களவர். "சுப உபன் தினயக் வேவா சேர்" என்று மட்டும் எழுதினேன், அவர் தமிழில் "நன்றி" போட்டார். சந்தோஷமாக இருந்தது. கேக்குக்கு ஆளுக்கு எவ்வளவு சேர்க்கிறீர்கள்? எங்களிடம் 500 ரூபாய் கேட்கிறார்கள்.

மருதானை:
எங்கள் மேலாளர் மார்க்கக் காரணத்தால் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. குழுவில் யாரோ வாழ்த்துப் போட, எல்லாரும் வரிசையாகப் போட்டார்கள். நான் போடவில்லை. அவர் தப்பாக நினைத்திருப்பாரா?

தெகிவளை அக்கா:
நினைக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் உங்கள் சேரை அறிந்தவர் நீங்கள்தான்.