30 வினாடி ட்ரெய்லர் 43 வினாடி ஓடுகிறது. எதை வெட்டுவது?

மஸ்கெலியாப் பையன்
எங்கள் ஊர் வரலாற்றைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் தொடங்குகிறோம். பெயர் ‘தண்ணிக்குள்ள ஒரு ஊரு’. 30 வினாடிக்கு 75 சொல் வரை போகலாம் என்று ஓரிடத்தில் வாசித்தேன். நான் எழுதியது 38 சொல்தான். முன்னும் பின்னும் இசை சேர்த்து வாசித்தால் 43 வினாடி வருகிறது. வேகமாக வாசித்தால் பஸ்ஸில் ஊர் பெயர் கூவுவது போல இருக்கிறது.

“1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டு, எங்கள் மஸ்கெலியா பழைய பட்டணம் மூழ்கியது. இந்த வரலாற்றையெல்லாம் பேச அடுத்த மாதம் வருகிறது எங்கள் புதிய பாட்காஸ்ட். கேளுங்கள், பகிருங்கள், ஆதரவு தாருங்கள்.”

ஹட்டன் எடிட்டர்
சொல் அதிகமில்லை தம்பி. இசையைக் குறைங்க. பேச்சை எடிட்டிங்கில் 1.2 மடங்கு வேகமாக்கினால் யாருக்கும் தெரியாது.

பழைய மைக்
இசையைக் குறைப்பது சரி. வேகத்தைக் கூட்ட வேண்டாம், வயசானவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

75 என்பது ஆங்கிலக் கணக்கு. நம்முடைய ‘முடிக்கப்பட்டு’, ‘வரலாற்றையெல்லாம்’ ஒவ்வொன்றும் அங்கே மூன்று நான்கு சொல்லாகிவிடும். என் வானொலி அனுபவத்தில், நிதானமாக வாசித்தால் 30 வினாடிக்கு 40 சொல் கிட்டத்தான் தமிழில் அடங்கும். சத்தமும் வேண்டுமென்றால் இன்னும் குறைவு.

அப்புறம், உங்கள் நேரத்தை விழுங்குவது ஆண்டுகள். தாளில் 1948 ஒரு சொல். வாயில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில்’ என்று மூன்று சொல், இரண்டு வினாடிக்கு மேல். நான்கு ஆண்டுக்கு எட்டு ஒன்பது வினாடி போய்விடுகிறது. எண்ணை எழுத்தால் எழுதிவிட்டு நிறுத்தற்கடிகாரத்தோடு வாசித்துப் பாருங்கள், புரியும்.

தேயிலையும் ஒப்பந்தமும் மலையகம் முழுவதற்கும் பொது. மஸ்கெலியாவுக்கு மட்டும் உரியது தண்ணீர் வற்றும்போது தெரிகிற அந்தக் கோயில். அதில் தொடங்குங்கள்:

“மழை பொய்க்கும் வருஷம், மவுசாகலைத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கோயில் வெளியே வரும். அதுதான் பழைய மஸ்கெலியா. பள்ளிவாசல், விகாரை, கடைத்தெரு எல்லாம் இருந்த பட்டணம். அணை வந்தது, ஊர் மேட்டுக்கு ஏறியது. அந்தத் தெருவில் நடந்தவர்கள் பேசுகிறார்கள். தண்ணிக்குள்ள ஒரு ஊரு. கேட்க வாங்க.”

என் வாயில் 21 வினாடி. முன்னால் அலைச் சத்தம் 4, கடைசியில் 3 என்றால் 28. ‘அடுத்த மாதம்’ என்பதை வேண்டுமென்றே எடுத்தேன். ட்ரெய்லர் நிகழ்ச்சிப் பக்கத்திலேயே கிடக்கும். இரண்டு வருஷம் கழித்து வருகிறவருக்கும் அடுத்த மாதம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

கொத்மலைக்காரி
எங்கள் கொத்மலையையும் சேருங்களேன். 1985இல் நீர்த்தேக்கம் வந்தது, தண்ணீர் குறைந்தால் கடதொர விகாரை தெரியும். எங்கள் அம்மாச்சி கடைசியாக அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த கதை என்னிடம் இருக்கிறது.

மஸ்கெலியாப் பையன்
அக்கா, இது ட்ரெய்லர் மட்டும்தான். ஆனால் அம்மாச்சி கதை ஒரு முழு நிகழ்ச்சிக்கு வேண்டும், கட்டாயம் பேசுவோம்.

கொத்மலைக்காரி
சரி தம்பி. ஒன்று சொல்கிறேன், ‘ஊர் மேட்டுக்கு ஏறியது’ என்றால் தானாக நடந்து போன மாதிரி இருக்கு. ஊர் ஏறவில்லை, ஏற்றினார்கள்.

பழைய மைக்
உண்மை. ‘ஊரை மேட்டுக்கு ஏற்றினார்கள்’ என்று மாற்றுங்கள், நேரம் அரை வினாடிகூட அதிகமாகாது. கோப்பைப் பதிவேற்றும்போது வகையை மறக்காமல் ட்ரெய்லர் என்று குறியுங்கள். இல்லாவிட்டால் முதல் நிகழ்ச்சியாக வரிசையில் நிற்கும். பாட்காஸ்ட்டின் RSS ஊட்டக் கோப்பில் இந்த வரி வந்திருக்கிறதா பாருங்கள்:

```
<itunes:episodeType>trailer</itunes:episodeType>
```

மஸ்கெலியாப் பையன்
பதிவு செய்துவிட்டேன், 29 வினாடி. ‘கோயில் வெளியே வரும்’ என்ற இடத்தில் மணிச் சத்தம் போட ஆசை. என்னிடம் இருப்பது மேலே உள்ள புதுக் கோயில் மணி. போடலாமா?

ஹட்டன் எடிட்டர்
போடுங்க. மணி மணிதானே, உணர்வு வந்தால் போதும்.

பழைய மைக்
நான் போட மாட்டேன். பழைய கோயிலில் அந்த மணியைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு மணி என்று அவர்களுக்குத் தெரியும்.

கொத்மலைக்காரி
அம்மாச்சியிடம் கேட்டேன். “எங்க மணிச் சத்தம் எப்படியும் கேட்டா சந்தோஷம்தான்” என்கிறார். அவர் கொத்மலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஸ்கெலியாப் பையன்
ஞாயிற்றுக்கிழமை பழைய பட்டணத்தில் இருந்த இரண்டு தாத்தாமாரிடம் போட்டுக் காட்டப் போகிறேன், மணியோடு ஒன்று, மணி இல்லாமல் ஒன்று. வந்து எழுதுகிறேன்.