41024320 இலக்கமா, 41024321 இலக்கமா?

செங்காங் அம்மா: மகன் செகண்டரி 4, ஏ மேத்ஸ் எடுக்கிறான். 2024 அக்டோபரில் அறிவித்தார்களே பெரிய பகா எண், 2^136279841 − 1, அதற்கு எத்தனை இலக்கம் என்று போட்டுப் பார்த்தான். கால்குலேட்டரில் நேரே தட்டினால் எரர். அதனால் அடுக்கை lg 2-ஆல், அதாவது 10 அடிமானத்தில் 2-இன் லாக்கால் பெருக்கி, தசமத்தை விட்டுவிட்டு 1 கூட்டினான். 41024321 வந்தது. செய்தியில் 41024320. யாருக்காவது இப்படி ஒன்று தள்ளி வந்திருக்கிறதா?

உட்லண்ட்ஸ் பெரியவர்: ஊரில் நாங்கள் லாக் டேபிள் வைத்துப் போட்டவர்கள் அம்மா. அதில் log 2 = 0.3010. 2^100-க்கு 30.10, ஆக 31 இலக்கம். தவறியதே இல்லை. கடைசியில் 1 கழிக்கிறார்களே, அதில்தான் ஓர் இலக்கம் போயிருக்கும்.

டியூஷன் வாத்தியார்: ஐயா, 1 கழித்து இலக்கம் குறைய வேண்டுமென்றால் அந்த எண் 1000, 10000 மாதிரி இருக்க வேண்டும். 2-இன் அடுக்கு எதுவும் பூஜ்யத்தில் முடியாது. அம்மா, தம்பி 0.30103 என்று தட்டினானா?

செங்காங் அம்மா: ஆமாம் சார், குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

டியூஷன் வாத்தியார்: என் மாணவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். உண்மையான lg 2 = 0.3010299957. வித்தியாசம் 0.0000000043 அளவுதான். ஆனால் அதையும் பதிமூன்றரைக் கோடியால் பெருக்குகிறோமே, 0.59 ஆகிவிடுகிறது. தம்பிக்கு வந்தது 41024320.54. சரியான விடை 41024319.95. நடுவில் ஒரு முழு எண்ணைத் தாண்டிவிட்டது. ஐயாவின் 0.3010-ஐப் போட்டால் நாலாயிரம் இலக்கத்துக்கு மேல் குறையும். 2^100-க்கு அது போதும், அங்கே பிழை பெருகுவது நூறு மடங்குதான்.

யீஷூன் தம்பி: நான் சீட்டுக்கட்டுக்குப் போட்டேன் அண்ணே, 52!, அதாவது 1 முதல் 52 வரை எல்லாம் பெருக்கினால் எத்தனை இலக்கம் என்று. lg 1 முதல் lg 52 வரை கூட்டினால் 67.91, அப்போ 68. வரும் தசமத்தை மேலே ஏற்றிவிட்டால் முடிந்தது, 1 கூட்டுவதெல்லாம் எதற்கு?

டியூஷன் வாத்தியார்: 1000-க்குப் போட்டுப் பார் தம்பி. lg சரியாக 3, ஏற்ற எதுவும் இல்லை. இலக்கமோ 4.

செங்காங் அம்மா: lg பொத்தானையே அழுத்திப் பெருக்கச் சொன்னேன், 41024319.95 வந்தது சார். ஆனால் விடை தெரியாத எண் என்றால் எத்தனை தசம இடம் போதும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

டியூஷன் வாத்தியார்: lg-இல் இருக்கக்கூடிய பிழையை அடுக்கால் பெருக்குங்கள். வந்த விடை பக்கத்து முழு எண்ணிலிருந்து அதைவிடத் தள்ளி நின்றால் நம்பலாம். ஒட்டி நின்றால் இன்னும் சில இடங்கள் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். போடும் முன்பே சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

யீஷூன் தம்பி: அப்போ 1000000! என்றால் பத்து லட்சம் lg, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிழை. அதெல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளுமா, சேர்ந்துகொண்டே போகுமா அண்ணே?