சுடுகாட்டுப் பாதை: கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதுமா?

துபாயிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பெரியம்மாவை எடுத்துப்போன அன்று சுடுகாட்டுப் பாதையில் கம்பிவேலி குறுக்கே நின்றதாம். பாடையைச் சாய்த்துத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. மாவட்டத்துக்கே தலைவர் கலெக்டர், எஸ்.பி.யும் அவருக்குக் கீழ்தான். தருமபுரியில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் உடனே வேலியைப் பிடுங்க வைக்கலாம். சங்கத்தின் பேரில் எழுதட்டுமா?

பெங்களூரிலிருந்து:
தம்பி, எழுதலாம். ஆனால் தாசில்தாராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எஸ்.பி.க்கு மேலதிகாரி சேலம் சரக டி.ஐ.ஜி. சட்டம் ஒழுங்கில் கலெக்டரோடு சேர்ந்துதான் எஸ்.பி. வேலை செய்ய வேண்டும், அது உண்மை. ஆனாலும் காவலர்களை நடத்துவது எஸ்.பி.தான்.

"ரோடு போட்டுத் தாருங்கள்" என்று மொட்டையாக எழுதினால் மனு பி.டி.ஓ.வுக்குப் போகும். "இடம் ஆக்கிரமிப்பில் இருக்கிறது, வருவாய்த் துறை அகற்றித் தரட்டும்" என்று அவர் பதில் போடுவார். மனு முடிந்ததாகப் பதிவாகிவிடும். தாசில்தாரிடம் போனால், பஞ்சாயத்துப் பாதை என்று பி.டி.ஓ. பக்கம் கை காட்டுவார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிற்கவைக்கக் கூடியவர் கலெக்டர். வருவாய்த் துறைக்கு மாவட்டத்தில் அவரே தலைவர், 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரே. அதனால் சர்வே எண்ணைப் போட்டு, தாசில்தார், பி.டி.ஓ., சர்வேயர் மூவரும் சேர்ந்து இடத்தைப் பார்க்க உத்தரவிடக் கேளுங்கள். புறம்போக்கு என்று தெரிந்தால் 1905 ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் நோட்டீஸ், பதிலைக் கேட்டபிறகுதான் அகற்றும் உத்தரவு. ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. அகற்றும் அன்று தகராறு வரும் போலத் தெரிந்தால் போலீஸ் பாதுகாப்புக் கேட்டு தாசில்தார் எழுதுவார். எல்லாம் முடிந்த பிறகுதான் பி.டி.ஓ. ரோட்டுக்கு மதிப்பீடு போட முடியும்.

சிங்கப்பூரிலிருந்து:
சித்தப்பா, அப்பா காலமான பிறகும் பட்டா அவர் பேரிலேயே இருக்கிறது. இதே மனுவில் அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பெங்களூரிலிருந்து:
வேண்டாம்மா. அது தனி விண்ணப்பம், வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற வேலை. நிராகரித்தால் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்யலாம். இரண்டையும் கலந்தால் இரண்டுமே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

ஊரிலிருந்து:
அண்ணா, வேலி போட்டவரிடம் பேசிப் பார்த்தேன். மேல்பாதி பாதை பொது என்று ஒத்துக்கொள்கிறார். ஓடையைத் தாண்டி வருகிற பாதி தன் பட்டாவுக்குள் இருக்கிறது, தாத்தா காலத்தில் சும்மா நடக்க விட்டதுதான் என்கிறார்.

பெங்களூரிலிருந்து:
அப்படியானால் விஷயம் வேறு. பட்டா நிலத்தில் கலெக்டரே நினைத்தாலும் இந்தச் சட்டத்தை வைத்து வேலியை எடுக்க முடியாது. நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது அரசு அந்தத் துண்டைக் கையகப்படுத்த வேண்டும், இல்லையென்றால் வழிநடை உரிமை கேட்டு சிவில் கோர்ட். மனு எழுதுமுன் eservices.tn.gov.in தளத்தில் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். பாதை தனி உட்பிரிவாகக் கோடு போட்டிருக்கிறதா?

ஊரிலிருந்து:
ஓடை வரை கோடு இருக்கிறது அண்ணா. அதற்கப்புறம் எனக்குப் புரியவில்லை. படத்தை இங்கே அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.