புதுப்பிப்பு: லேப்டாப்புக்குத் தனி பாலிசியா, வீட்டு பாலிசியே போதுமா?

நான் கேட்டிருந்தது: "வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடு இருக்கு, உள்ளே இருக்கும் சாமானும் அதில் சேர்த்தி. 80,000 ரூபாய் லேப்டாப்புக்குத் தனியாக எடுக்கணுமா?"

ஆமாம், எடுக்கப்போகிறேன். திருட்டும் வீட்டு பாலிசியிலேயே அடக்கம் என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. காப்பீட்டு சர்வேயராக இருந்த அண்ணன் அந்த பாலிசியில் காட்டிய வரியைப் படித்தேன்: தீ, வெள்ளம், புயல் மாதிரி ஏதாவது நடந்து, அதனாலேயே 7 நாளுக்குள் திருடு போனால்தான் பணம். வெள்ளத்தில் வீட்டை விட்டுப் போனபோது லேப்டாப் களவு போனால் கிடைக்கும், சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துப்போனால் கிடைக்காது. காபி கொட்டினாலும், பஸ்ஸில் பை போனாலும் அப்படித்தான்.

ஆட்டோவில் போனை மறந்து வைத்ததற்குப் பணம் கிடைக்குமா என்று கேட்ட தம்பிக்கு: போன், லேப்டாப்புக்கென்றே எடுக்கும் கேட்ஜெட் பாலிசியிலும் அது பொதுவாகத் தேறாது. திருட்டு என்றால் எஃப்ஐஆர் கேட்பார்கள், தொலைத்ததைத் திருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விழுந்து உடைவதும் தண்ணீர் பட்டுக் கெடுவதும்தான் அதன் முக்கியப் பயன், அதிலும் ஒவ்வொரு க்ளெய்முக்கும் நம் பங்காக ஒரு தொகை கழியும், வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

வீட்டு பாலிசியோடு தனியாகக் களவுக் காப்பீடு சேர்த்தால் வெளியே கொண்டுபோகும் லேப்டாப்புக்கும் வருமா என்று ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.